"தவறு நடந்துவிட்டது" என்று எழுத வேண்டாம்: மகளின் மன்னிப்புக் கடிதம் பற்றி ஒரு தந்தைக்கு

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தையும் அதோடு அனுப்பியிருந்த வரைவையும் படித்தேன். மகள் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. புதன்கிழமை நடந்த குழுக் கூட்டத்தில், அவர் தயாரித்த அறிக்கையில் மூன்று எண்கள் தவறாக இருப்பதை மூத்த ஊழியர் ஒருவர் எல்லோர் முன்னாலும் சுட்டிக்காட்டியிருக்கிறார். "என் வேலையில் குறை கண்டுபிடிப்பதைத் தவிர உங்களுக்கு வேறு வேலையே இல்லையா?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டு, உங்கள் மகள் மடிக்கணினியை மூடி எடுத்துக்கொண்டு வெளியேறிவிட்டார். மறுநாள் மேலாளர் கூப்பிட்டு, திங்கட்கிழமைக்குள் மன்னிப்புக் கடிதம் தரச் சொல்லியிருக்கிறார். மகள் அழுதுகொண்டே இருக்கிறாள், அதனால் நானே எழுதிவிட்டேன், சரியாக இருக்கிறதா பாருங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

வரைவைப் பார்ப்பதற்கு முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். மகளுக்கு வந்திருப்பது மேலாளர் வாய்மொழியாகக் கேட்ட கடிதம்தானா? ஏனென்றால், "உங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது" என்று விளக்கம் கேட்டு அலுவலகத்திலிருந்து எழுத்தில் ஏதாவது வந்திருந்தால் வழியே வேறு. அப்போது சொல்லப்பட்ட குற்றச்சாட்டுகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுத வேண்டும். அதற்குப் பதிலாக ஒரு பொதுவான மன்னிப்புக் கடிதம் கொடுத்தால், அந்தக் குற்றச்சாட்டுகள் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ள இடம் உண்டு. அந்த நிலைமையில், தொழிலாளர் சட்டம் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் ஒரு வரிகூட எழுத வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இது வாய்மொழிக் கோரிக்கைதான், அப்படியே வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

உங்கள் வரைவில் நடுவில் உள்ள பகுதி இது: "கடந்த வாரம் எதிர்பாராத விதமாக ஒரு தவறு நடந்துவிட்டது. தெரிந்தோ தெரியாமலோ என்னால் யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் பெருந்தன்மையோடு மன்னிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். என் ஒழுங்கீனத்தை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். இனி என் வாழ்நாளில் ஒருபோதும் இப்படி நடக்காது. தாங்கள் விரும்பினால் வேலையை விட்டு விலகவும் தயாராக இருக்கிறேன்."

பெற்ற மனம் எழுதிய வரிகள் என்று புரிகிறது. ஆனால் இதை அனுப்ப வேண்டாம். இது ஒரே நேரத்தில் மிகக் குறைவாகவும் மிக அதிகமாகவும் ஒப்புக்கொள்கிறது.

குறைவாக எப்படி? "தவறு நடந்துவிட்டது" என்ற வரியில் தவறு செய்த ஆள் இல்லை. மழை பெய்வது போலத் தவறும் தானாக நடந்திருக்கிறது. "தவறிழைத்தேன்", "கத்தினேன்", "வெளியேறினேன்" என்று வினைச்சொல்லில் 'ஏன்' விகுதி வந்தால்தான் பொறுப்பு ஒருவரிடம் வந்து நிற்கும். "தெரிந்தோ தெரியாமலோ" என்பது கல்யாண வீட்டில் விருந்தாளிகளை வழியனுப்பும்போது சொல்ல நல்ல வார்த்தை. இங்கே நடந்தது எல்லோருக்கும் தெரியும். "புண்பட்டிருந்தால்" என்பதில் உள்ள 'ஆல்' அதைவிடக் கெடுதல் செய்யும். பத்துப் பேர் முன்னால் அவமானப்பட்டவர் அதைப் படிக்கும்போது, புண்பட்டதா என்பதே இன்னும் சந்தேகமாக இருக்கிறது போல என்றுதான் நினைப்பார்.

அதிகமாக எப்படி? "ஒழுங்கீனம்" என்பது பல நிறுவனங்களின் பணி விதிகளில் தண்டனையோடு சேர்த்து வரும் சொல். மகள் செய்தது என்ன என்பதை மேலாளர் பார்த்திருக்கிறார், அதற்கு என்ன பெயர் வைப்பது என்பது அலுவலகத்தின் வேலை. இந்தக் கடிதம் மகளின் பணிக் கோப்பில் போய் உட்காரும். இரண்டு வருடம் கழித்து, அன்றைக்கு அந்த அறையில் இல்லாத ஒருவர் அதை எடுத்துப் படிக்கலாம். "ஒழுங்கீனத்தை ஒப்புக்கொள்கிறேன்" என்று மட்டும் இருந்தால் அவர் எதையும் கற்பனை செய்துகொள்வார். "கூட்டத்தில் சக ஊழியரிடம் குரலை உயர்த்தி மரியாதைக் குறைவாகப் பேசினேன்" என்று இருந்தால், அவ்வளவுதான் நடந்தது என்று தெரியும். ராஜினாமா வரியைக் கண்டிப்பாக எடுத்துவிடுங்கள். உருக்கத்தில் எழுதியதை, விலக விருப்பம் தெரிவித்ததாக யாராவது எடுத்துக்கொண்டால் பிறகு மறுத்துப் பேசுவது கஷ்டம்.

ஆக, நடந்ததை உள்ளபடி, அளவோடு எழுதினால் அதுவே நேர்மை, அதுவே பாதுகாப்பும்கூட.

ராய் லெவிக்கி என்ற பேராசிரியரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2016-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்த இடத்தில் உதவும். மன்னிப்பை அவர்கள் ஆறு கூறுகளாகப் பிரித்தார்கள்: வருத்தம் தெரிவிப்பது, என்ன நடந்தது என்று விளக்குவது, பொறுப்பேற்பது, மனம் திருந்தியதாகச் சொல்வது, சரிசெய்ய முன்வருவது, மன்னிக்கும்படி கேட்பது. எது அதிகம் எடுபடுகிறது என்று மக்களிடம் கேட்டபோது பொறுப்பேற்பது முதலிலும், சரிசெய்ய முன்வருவது அடுத்தும் வந்தன. கடைசியில் வந்தது மன்னிக்கும்படி கேட்பது. உங்கள் வரைவில் பெரும்பகுதி அந்தக் கடைசிக் கூறுதான். திறமைக் குறைவால் வந்த தவறைவிட, நேர்மை சம்பந்தப்பட்ட தவறுக்கு மன்னிப்பு குறைவாகவே எடுபட்டது என்பதையும் அவர்கள் கண்டார்கள். மகளின் அறிக்கையில் எண் தவறியது முதல் வகை. கத்தியது அப்படி இல்லை, அவர் எப்படிப்பட்ட மனுஷி என்ற கேள்வியை அது எழுப்பிவிட்டது. அதனால் சொற்களைக் குறைத்து, செய்யப்போவதற்கு இடம் கொடுக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலான கடிதங்கள் சறுக்குகின்றன. "இனி கோபப்பட மாட்டேன்" என்பதை யாரும் சரிபார்க்க முடியாது, மகளாலும் காப்பாற்ற முடியாது. கோபம் எங்கிருந்து வந்தது என்று அவரிடம் பொறுமையாகக் கேளுங்கள். முந்தைய நாள் இரவு ஒரு மணிவரை அறிக்கையை முடித்துக்கொண்டிருந்தார், யாரிடமும் காட்டாமல் நேரே கூட்டத்துக்குக் கொண்டுபோனார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் திருத்த வேண்டியது அந்த வேலைமுறை. ஒரு நாள் முன்னதாகவே அறிக்கையை அந்த மூத்தவருக்கு அனுப்பினால், தவறு கூட்டத்துக்கு வராமலே போகும். அப்படியும் யாராவது குறை சொன்னால், "பார்த்துவிட்டு மாலைக்குள் சொல்கிறேன்" என்ற ஒரே வாக்கியத்தைத் தயாராக வைத்துக்கொள்ளலாம். இது நடக்கிறதா இல்லையா என்று மேலாளர் பார்த்தே தெரிந்துகொள்ள முடியும்.

அப்புறம், இரவு ஒரு மணிவரை வேலை பார்த்ததைக் கடிதத்தில் சொல்லலாமா? ஒரே வாக்கியத்தில் சொல்லலாம், பொறுப்பேற்ற பிறகு, தீர்வுக்குச் சற்று முன்னால். முதல் வரியிலேயே வந்தால் அது சாக்கு. பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று நீங்கள் சேர்க்க நினைத்ததை விட்டுவிடுங்கள். அது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அதைத் தொடர்ந்து வரும் திருத்தம் எதுவும் இல்லை. அந்த மூத்தவர் பேசிய தொனியைப் பற்றியும் இந்தக் கடிதத்தில் ஒரு சொல்லும் வேண்டாம். அவர் எப்போதும் அப்படித்தான் நடத்துகிறார் என்று மகளுக்குத் தோன்றினால் அது தனி விஷயம், தனியாகப் பேச வேண்டியது.

கடிதம் ஒரு பக்கத்துக்குள் முடியட்டும். நான் எழுதினால் ஏறக்குறைய இப்படி எழுதுவேன்:

"மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

புதன்கிழமை குழுக் கூட்டத்தில் என் அறிக்கையில் மூன்று எண்கள் தவறாக இருப்பதை மூத்த சக ஊழியர் சுட்டிக்காட்டியபோது, நான் அவரிடம் குரலை உயர்த்தி மரியாதைக் குறைவாகப் பேசினேன். கூட்டம் முடிவதற்கு முன்பே அனுமதி கேட்காமல் வெளியேறினேன். அவர் சொன்னது சரி. நான் நடந்துகொண்ட விதம் தவறு, அதற்கு நானே பொறுப்பு. குழுவினர் முன்னிலையில் அவரைச் சங்கடப்படுத்தியதற்கும் கூட்டம் தடைப்பட்டதற்கும் வருந்துகிறேன்.

அறிக்கையை முந்தைய நாள் பின்னிரவில் முடித்து, யாரிடமும் சரிபார்க்கக் கொடுக்காமல் கொண்டுவந்தேன். அது நான் பேசிய விதத்துக்கு நியாயம் ஆகாது. ஆனால் நான் மாற்றிக்கொள்ள வேண்டிய பழக்கம் அது.

வெள்ளிக்கிழமை அவரை நேரில் சந்தித்து மன்னிப்புக் கேட்டேன். மூன்று எண்களையும் திருத்தி, புதிய அறிக்கையை அன்றே குழுவுக்கு அனுப்பிவிட்டேன். இனி ஒவ்வொரு அறிக்கையையும் கூட்டத்துக்கு ஒரு வேலை நாள் முன்பே அவருடைய பார்வைக்கு அனுப்புவேன். கூட்டத்தில் எனக்கு மாற்றுக் கருத்து இருந்தால், சரிபார்த்து அன்று மாலைக்குள் எழுத்தில் தெரிவிப்பேன். ஒரு மாதம் கழித்து இதுபற்றித் தங்களிடம் பத்து நிமிடம் பேச நேரம் கேட்கிறேன்.

தாங்கள் அனுமதித்தால், அடுத்த குழுக் கூட்டத்தின் தொடக்கத்தில் எல்லோர் முன்னிலையிலும் என் வருத்தத்தைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

இப்படிக்கு..."

மூன்றாவது பத்தியை மறுபடி ஒருமுறை பாருங்கள். முதல் இரண்டு வாக்கியங்கள் செய்து முடித்ததைச் சொல்கின்றன. எனவே கடிதத்தைக் கொடுக்கும் முன் அவை உண்மையில் நடந்திருக்க வேண்டும். மகள் இன்னும் அந்த மூத்தவரைச் சந்திக்கவில்லை என்றால், திங்கள் காலை முதலில் அவரைப் போய்ப் பார்க்கட்டும், அதற்கேற்ப நாளை மாற்றி எழுதட்டும், பிறகு கடிதம் மேலாளரிடம் போகட்டும். சந்திப்பு இரண்டு நிமிடம் போதும். "புதன்கிழமை உங்களிடம் அப்படிப் பேசியது தப்பு. நீங்கள் சொன்னதுதான் சரி, திருத்தி அனுப்பிவிட்டேன்." அவர் முகம் கொடுத்துப் பேசாமல் போகலாம், "சரி, சரி" என்று சொல்லிவிட்டு நகரலாம். அங்கேயே நின்று "மன்னித்துவிட்டேன் என்று சொல்லுங்கள்" என்று கேட்கக் கூடாது. எப்போது மன்னிப்பது என்பது அவர் பாடு.

எல்லோர் முன்னால் வருத்தம் தெரிவிப்பதை அனுமதி கேட்டுச் செய்யச் சொல்வதற்கும் காரணம் உண்டு. தவறு பொது இடத்தில் நடந்தது, அதனால் திருத்தமும் அங்கே நடப்பது நியாயம். ஆனால் சிலருக்கு அந்த நாளை மறுபடி பத்துப் பேர் முன்னால் கிளறுவது பிடிக்காது. அது மேலாளருக்குத் தெரிந்திருக்கும், அவரே முடிவு செய்யட்டும்.

இறுதி வடிவத்தை மகள் தன் வார்த்தையில் எழுத வேண்டும். மேலாளர் கூப்பிட்டு, "ஒரு வேலை நாள் முன்பு என்றால், வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு என்றைக்கு அனுப்புவீர்கள்?" என்று கேட்டால், வியாழக்கிழமை என்று தயங்காமல் சொல்ல வேண்டும். அப்பா எழுதிய கடிதமாக இருந்தால் அங்கே தடுமாறுவார். மேலாளரை நீங்கள் தொலைபேசியில் அழைத்துப் பேசலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். எட்டு மாதமாக அங்கே அவர் ஓர் ஊழியர், உங்கள் அழைப்பு வந்த நிமிடத்தில் மறுபடி சின்னப் பெண்ணாகிவிடுவார்.

இன்று இரவு அவரைச் சாப்பிட வைத்துத் தூங்க வையுங்கள். நாளைக் காலை உட்கார்ந்து எழுதட்டும். திங்கட்கிழமைக்கு நேரம் இருக்கிறது. கொடுத்த கடிதத்தின் நகல் ஒன்றைத் தேதியோடு அவரிடமே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்து மேலாளரிடம் பேசப் போகும்போது, அதில் எழுதிய ஒவ்வொரு வரியையும் எடுத்து வைத்துப் பேச அது தேவைப்படும்.