முப்பது ஸ்பீடு மசாஜ் கன்னும் மீன் மார்க்கெட் ஐஸும்

ஆன்லைனில் 1,899 ரூபாய்க்கு மசாஜ் கன் வாங்கினேன். முப்பது ஸ்பீடு, எட்டு முனை, ‘டீப் டிஷ்யூ’ என்று போட்டிருந்தார்கள். தொடையில் வைத்தால் தோல்தான் அதிர்கிறது. கொஞ்சம் அழுத்தினால் நின்றே போகிறது. திருப்பிக் கொடுக்கலாம் என்றால், உடம்பில் படும் பொருள், வாங்க மாட்டோம் என்கிறார்கள்.
*— பனியன் கம்பெனி மேற்பார்வையாளர், திருப்பூர்*

உங்கள் மேல் தப்பே இல்லை. எதைச் சொல்ல வேண்டுமோ அதை மறைத்துவிட்டு, தேவையில்லாத எண்ணிக்கைகளைக் காட்டி விற்றிருக்கிறார்கள். இந்த முப்பது ஸ்பீடு வியாபாரத்தின் மேல் எனக்கு ரொம்ப நாளாகவே கோபம் உண்டு. அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

மசாஜ் கன்னில் பார்க்க வேண்டியவை இரண்டே இரண்டு. முனை எவ்வளவு தூரம் முன்னும் பின்னும் போய் வருகிறது என்பது ஒன்று. நல்ல கருவிகளில் இது 10 முதல் 16 மில்லிமீட்டர் வரை இருக்கும். மலிவான பலவற்றில் ஐந்து ஆறு மில்லிமீட்டர்கூட வராது. அவை தசையைக் குத்துவதில்லை, தோலை நடுக்குகின்றன, அவ்வளவுதான். இரண்டாவது, எத்தனை கிலோ அழுத்தம் வரை மோட்டார் நிற்காமல் ஓடும் என்பது. இந்த இரண்டையும் பெட்டியில் போடாதவர்கள்தான் ஸ்பீடை முப்பதாக நறுக்கிக் காட்டுகிறார்கள். நிமிடத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் முதல் மூவாயிரத்துச் சொச்சம் அடி வரை உள்ள ஒரே இடைவெளியை மூன்றாகப் பிரித்தாலும் முப்பதாகப் பிரித்தாலும் உங்கள் தொடைக்கு ஒன்றுதான்.

வீட்டிலேயே சோதித்துவிடலாம். பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றை முனைக்குப் பக்கத்தில் நிறுத்தி, கருவியை ஓடவிட்டு, போனில் ஸ்லோமோஷன் வீடியோ எடுங்கள். முனை எந்தக் கோட்டிலிருந்து எந்தக் கோடு வரை போகிறது என்று அப்படியே தெரியும். அப்புறம் எடை பார்க்கும் மெஷின் மேல் முனையை வைத்து மெல்ல அழுத்துங்கள். எத்தனை கிலோவில் மோட்டார் முனகி நிற்கிறது என்பதும் வீடியோவில் வரட்டும்.

உங்களுக்கு இனி அதுதான் சாட்சி. விளம்பரப் பக்கத்தையும் இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், நாளைக்கு வாசகத்தை மாற்றிவிடுவார்கள். ‘உடம்பில் படும் பொருள்’ என்பது மனம் மாறித் திருப்பிக் கொடுப்பவரிடம் சொல்கிற பதில். அழுத்தினால் நின்றுபோகும் கருவி பழுதான பொருள். பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால், 30 நாளுக்குள் பழுதான பொருளைத் திரும்ப எடுத்துப் பணத்தைத் தர மறுப்பதே முறையற்ற வணிகம் என்கிறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். அவர் 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததென்று ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். உங்கள் தொகைக்குக் கட்டணமே கிடையாது. இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு.

பணம் திரும்பி வந்ததும் நல்ல கருவியாகப் பார்த்து வாங்கலாமா என்று கேட்பீர்கள். கெண்டைக்காலில் ஐந்து நிமிடம் மசாஜ் கன் வைத்துப் பார்த்த 2020 ஆய்வில், கணுக்கால் சுமார் ஐந்து டிகிரி கூடுதலாக மடங்கியது. பலம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நாளெல்லாம் நின்று இறுகிப்போன காலுக்கு அந்தத் தளர்ச்சி சுகமாகத்தான் இருக்கும். அந்தச் சுகத்துக்கு என்ன விலை கொடுக்கலாம் என்பது உங்கள் முடிவு.

ஃபோம் ரோலர் என்கிற நுரை உருளையில் உருண்டால் தசையில் தேங்கிய லாக்டிக் அமிலம் வெளியேறும் என்கிறார் ஜிம் மாஸ்டர். உண்மையா?
*— கல்லூரி மாணவர், சேலம்*

இல்லை. ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் அது தானாகவே போய்விடும். மறுநாள் வலிக்கும்போது வெளியேற்றுவதற்கு அங்கே ஒன்றும் இருக்காது.

வெள்ளியங்கிரி ஏறி இறங்கினேன். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் மாடிப்படி இறங்க முடியாமல் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினேன். அடுத்த முறைக்கு மசாஜ் கன், ரோலர், ஐஸ் தொட்டி மூன்றில் எதை வாங்கி வைக்கலாம்?
*— வங்கி ஊழியர், ஈரோடு*

எதையும் வாங்க வேண்டாம். உங்களைப் படுத்தியது ஏறியது அல்ல, இறங்கியது. படி இறங்கும்போது முன்தொடைத் தசை சுருங்க முயன்றுகொண்டே நீள்கிறது, பிரேக் பிடித்தபடி இறங்கும் லாரியைப் போல. அப்படி வேலை செய்யும்போதுதான் தசை இழைகளில் நுண்ணிய சேதம் வருகிறது. வலி உடனே தெரியாமல் ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாக அடங்குகிறது. அந்தச் சேதத்தை உடம்புதான் சரிசெய்கிறது. வெளியிலிருந்து தட்டுவதும் உருட்டுவதும் வலி தெரிவதைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், அவ்வளவே. ரோலர் பற்றிய ஆய்வுகளை 2019ல் தொகுத்துப் பார்த்தபோது, பயிற்சிக்குப் பின் உருண்டவர்களுக்கு வலி சராசரியாக ஆறு சதவீதம் குறைந்திருந்தது. பத்துக்கு ஏழு என்று வலித்தால் ஆறரை ஆகும்.

காசு செலவில்லாத வழி இருக்கிறது. ஒரு முறை இப்படி அடிபட்ட தசை, சில வாரங்களுக்குள் அதே வேலையை மறுபடி செய்தால் பாதி வலிகூடக் காட்டாது. மலைக்குப் போவதற்கு இரண்டு வாரம் முன்பு, அடுக்குமாடியில் லிஃப்டில் ஏறிப் படியில் இறங்குங்கள். தொடை லேசாக வலிக்கும் அளவுக்குச் செய்துவிட்டு, வலி போனதும் இன்னொரு முறை. உங்கள் பேங்கில் மாடி இருந்தால் அதுவே போதும்.

ஒரே ஓர் எச்சரிக்கை: வலியோடு சிறுநீர் டீ டிக்காஷன் நிறத்தில் போனால் ரோலரைத் தேடாதீர்கள், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அது தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கும் நிலையாக இருக்கலாம். மசாஜ் கன்னைப் பயன்படுத்திய பிறகு இந்த நிலைக்குப் போனவர் பற்றி மருத்துவ இதழில் பதிவு இருக்கிறது.

எந்த ரோலர் நல்லது? முள் முள்ளாக இருப்பது ‘ஆழமாக’ வேலை செய்யுமாமே?
*— யோகா பயிற்றுநர், நாகர்கோவில்*

அப்படி நம்பி வாங்கிய முள் ரோலர் என் வீட்டில் பரணில் கிடக்கிறது. கெண்டைக்காலில் நீலம் நீலமாகக் கன்றிப்போனதைத் தவிர வேறு பலன் இல்லை. அதற்கு முன் வாங்கிய விலை மலிந்த வெள்ளை ரோலர் நடுவில் குழிந்து தலையணை ஆகிவிட்டது.

கட்டை விரலால் பலமாக அழுத்துங்கள். லேசாக அமுங்கி உடனே எழும்பினால் எடுங்கள், குழி நின்றால் வைத்துவிடுங்கள். கால்களுக்கு மட்டும் என்றால் ஓர் அடி நீளம் போதும். வீட்டில் கிழிந்த யோகா மேட்டும் நாலு அங்குல பிவிசி பைப்பும் இருந்தால் சுற்றி ஒட்டிக்கொள்ளலாம், அதுவும் உருளும். ஒரு தசைக்கு ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம். மூட்டு லகுவாவது அரை மணி நேரத்துக்குள் பழையபடி ஆகிவிடும் என்பதால் பயிற்சிக்குச் சற்று முன் உருள்வதில்தான் அர்த்தம். இடுப்புக்கு அடியில் ரோலரை வைத்து முதுகை வளைக்காதீர்கள்.

தொடையின் வெளிப்பக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு உருள்கிறவர்களையும் பார்க்கிறேன். அங்கே இருப்பது கெட்டியான தசையுறை. அது ஒரு சதவீதம் அமுங்கவே மனித உடம்பு தாங்காத விசை வேண்டும் என்று 2008லேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். முடிச்சு அவிழ்கிறது என்று சொல்வதெல்லாம் விற்பனைப் பேச்சு. நரம்புகள் சிறிது நேரம் இழுப்பைப் பொறுத்துக்கொள்கின்றன, அதைத்தான் தளர்ச்சி என்று உணர்கிறோம்.

தசை ஏற்றுவதற்காக ஜிம் போகிறேன். குளிரூட்டும் மெஷினோடு ஐஸ் பாத் தொட்டி ஒரு லட்சத்துக்கு மேல் சொல்கிறார்கள். வாங்கலாமா, அல்லது நீல டிரம்மில் ஐஸ் போட்டால் போதுமா?
*— மென்பொருள் ஊழியர், சிறுசேரி*

டிரம்மே போதும். ஆனால் உங்களுக்கு அதுவும் வேண்டாம்.

முதலில் டிரம் கணக்கு. நீங்கள் இறங்கியதும் தண்ணீர் உயரும் என்பதால் 200 லிட்டர் டிரம்மில் 120 லிட்டர்தான் ஊற்ற முடியும். சென்னை வெயிலில் குழாய்த் தண்ணீர் 30 டிகிரி. அதை 15 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 19 கிலோ ஐஸ் உருக வேண்டும். டிரம்மின் சூடு, உங்கள் உடம்புச் சூடு எல்லாம் சேர்த்தால் 22 கிலோ என்று வையுங்கள். ஃப்ரிட்ஜ் டிரேயில் எடுத்தால் ஒரு மாதம் ஆகும். மீன் மார்க்கெட்டில் ஐஸ் பாரில் பாதி வாங்கி உடைத்துப் போட வேண்டும். அந்த ஐஸ் குடிக்கிற தண்ணீரில் செய்ததல்ல, காலில் வெட்டுக்காயம் இருந்தால் இறங்காதீர்கள். சாதாரண தெர்மாமீட்டர் ஒன்று கட்டாயம். 10 முதல் 15 டிகிரியில் பத்துப் பதினைந்து நிமிடம் என்பதுதான் ஆய்வுகளில் வரும் அளவு. இறங்கிய முதல் நிமிடம் மூச்சு திணறும், இதயம் எகிறும். இதய நோய், ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் தொடவே கூடாது. மற்றவர்களும் தனியாக இறங்கக் கூடாது.

சும்மா ஓய்வெடுப்பதைவிட இதில் வலி குறைகிறது என்பது உண்மை. அதில் மனசின் பங்கும் இருக்கிறது. 2014ல் ஆஸ்திரேலியாவில், வெதுவெதுப்பான நீரில் சாதாரணத் தோல் சோப்பைக் கலந்து ‘தசை மீள உதவும் எண்ணெய்’ என்று சொல்லி உட்கார வைத்தார்கள். குளிர்நீரில் இருந்தவர்களுக்குக் கிடைத்த அதே பலன் இவர்களுக்கும் கிடைத்தது.

இப்போது உங்கள் விஷயம். 2015ல் வெளியான ஓர் ஆய்வில், பன்னிரண்டு வாரம் எடைப் பயிற்சி செய்தவர்களில் ஒரு சாரார் ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் 10 டிகிரி நீரில் இருந்தார்கள். மற்றவர்கள் சைக்கிளை மெதுவாக மிதித்தார்கள். தசையும் பலமும் அதிகம் ஏறியது சைக்கிள் மிதித்தவர்களுக்குத்தான். பயிற்சி கிளப்பிவிட்ட வளர்ச்சி வேலையைக் குளிர் மட்டுப்படுத்திவிடுகிறது. அடுத்தடுத்த நாளில் மேட்ச் ஆடும் கபடிக்காரருக்கு அது பரவாயில்லை, நாளைக்குக் கால் எழுந்தால் போதும் அவருக்கு. நீங்கள் ஒரு லட்சம் கொடுத்து, ஜிம்முக்குக் கட்டிய காசையும் கரைக்கப் பார்க்கிறீர்கள்.

அம்மாவுக்கு ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலிக்கிறது. மசாஜ் கன் வைக்கலாமா?
*— இல்லத்தரசி, தஞ்சாவூர்*

வைக்காதீர்கள். ஒரு கால் மட்டும் வீங்கினால் உள்ளே ரத்தக்கட்டு இருக்கலாம், தட்டினால் அது கழன்று நுரையீரலுக்குப் போய்விடலாம். இன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

கண்காட்சி ஸ்டாலில் மசாஜ் கன் வாங்கினேன். பில் தரவில்லை, நானும் கேட்கவில்லை. பெட்டியையும் தூக்கிப் போட்டுவிட்டேன். இப்போது சார்ஜ் போட்டால் கைப்பிடி சூடாகி உப்புகிறது. யார் மேல் புகார் கொடுப்பது?
*— வணிகர், மதுரை*

யார் மேல் என்று நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும். கடை பெயர் இல்லை, பில் இல்லை, இறக்குமதி செய்தவர் முகவரி இருந்த பெட்டியும் இல்லை. ஜிபே செய்திருந்தால் அந்தப் பதிவில் பெயர் இருக்கும், தேடிப் பாருங்கள். ரொக்கம் என்றால் மறந்துவிடுங்கள்.

அதைவிட அவசரம், சார்ஜரைப் பிடுங்குவது. உப்பியது லித்தியம் பேட்டரி, தீப்பிடிக்கும். கழற்றிப் பார்க்காதீர்கள், குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள். எரியக்கூடிய சாமான் இல்லாத மொட்டைமாடி நிழலில் வைத்துவிட்டு, மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். இனி வாங்கும்போது பேட்டரியிலோ சார்ஜரிலோ R என்று தொடங்கும், இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ் தரும் பதிவு எண்ணைத் தேடி, பிஐஎஸ் கேர் ஆப்பில் அடித்துப் பாருங்கள். பில்லையும் கேட்டு வாங்குங்கள் ஐயா, நீங்களே வணிகர்.