ஆவி எடையிலிருந்து மோலார் நிறை: அசிட்டோன் ஏன் குறைவாக வருகிறது?

கேள்வி: கொதிநீரில் குடுவையை வைத்து ஆவியாக்கும் முறையில் அசிட்டோனுக்கு 48 வருகிறது. 58 வர வேண்டாமா? கணக்கில் தவறா?

கணக்கு சரியாகவே இருக்கும், தவறு எடையில். உதாரணத்துக்கு, குடுவை 0.265 லிட்டர் (விளிம்பு வரை நீர் நிரப்பி அளந்தது, குடுவையில் அச்சிட்ட 250 மி.லி. அல்ல), நீரின் வெப்பநிலை 372 K, அழுத்தம் 0.990 atm, குளிர்ந்தபின் கூடிய எடை 0.41 கிராம் என்று வைத்துக்கொள்வோம்.

M = mRT/PV = (0.41 × 0.08206 × 372)/(0.990 × 0.265) ≈ 47.7

காலிக் குடுவையை எடை போட்டபோது உள்ளே முழுக்கக் காற்று இருந்தது. ஆவி அதை வெளியேற்றிவிடுகிறது. குளிர்ந்ததும் வாயை மூடிய அலுமினியத் தாளின் ஊசித்துளை வழியே காற்று திரும்புகிறது, ஆனால் முழுதாக அல்ல. 25°C-இல் அசிட்டோனின் ஆவியழுத்தமே சுமார் 0.30 atm, அந்த அளவுக்குக் காற்று வெளியிலேயே நின்றுவிடும்.

உள்ளே வராத காற்றின் எடை:

(0.30 × 0.265 × 29)/(0.08206 × 298) ≈ 0.09 கிராம்

இதைக் கூட்டினால் m = 0.50, M ≈ 58. பல செய்முறைக் கையேடுகள் இந்தத் திருத்தத்தைச் சொல்வதே இல்லை. அறை வெப்பநிலையில் ஆவியழுத்தம் குறைவான திரவமென்றால் பெரிதாகத் தெரியாது. அசிட்டோனில் பத்து அலகு போய்விடுகிறது. அப்புறம், விடை 58-ஐ நன்றாகத் தாண்டினால் குடுவையின் வெளிப்புறத்தை, முக்கியமாக அலுமினியத் தாளின் மடிப்பை, துடைத்தீர்களா என்று பாருங்கள். அங்கே ஒட்டிய நீரும் எடையில் சேர்ந்துவிடும்.