கண்டென்சர்ல வாக்குவம் இறங்குது, டியூபுக்கு டெஃப்லான் கோட்டிங் போடலாமா?

"சார், சென்னை மணலில ஒரு பிளான்ட்ல யுடிலிட்டி ஷிஃப்ட் பாக்குறேன். சின்ன டர்பைன், கூலிங் டவர் தண்ணில ஓடுற சர்ஃபேஸ் கண்டென்சர். முன்னாடி வாக்குவம் 685 எம்எம் நிக்கும், இப்ப 660-தான். போன மாசம்தான் டியூப் கிளீன் பண்ணோம், அப்பவும் ஏறல. டியூப் வெளிப்பக்கம் டெஃப்லான் கோட்டிங் போட்டா ஸ்டீம் துளித்துளியா கண்டென்ஸ் ஆகும், சூடு கடத்தற கோயெஃபிஷியன்ட் பத்து மடங்கு ஏறும்னு ஒருத்தர் கொட்டேஷன் குடுத்திருக்காரு. போடலாமா?"

இப்போதைக்கு கோட்டிங்குக்கு காசு குடுக்காதீங்க. உங்க ஷெல்லுக்குள்ள காத்து நிக்குதுன்னுதான் எனக்குப் படுது, காத்து இருக்கிற வரைக்கும் துளியா விழுந்தா என்ன படலமா விழுந்தா என்ன, உங்களுக்கு ஒண்ணும் பெருசா கிடைக்காது.

அவர் சொன்ன பத்து மடங்கு பொய் இல்ல. நல்லா தேய்ச்சுக் கழுவுன எவர்சில்வர் தட்டுல ஆவி பட்டா தண்ணி ஒரே படலமா பரவும், லேசா எண்ணெய்ப் பசை இருக்கிற மூடில பட்டா முத்து முத்தா நிக்கும், பாத்திருப்பீங்க. படலமா நின்னா அடுத்து வர்ற ஆவியோட சூடு அந்தத் தண்ணிப் படலத்தைத் தாண்டித்தான் உலோகத்துக்குப் போகணும். துளியா நின்னா ஒவ்வொரு துளியும் பெருசாகி உருண்டு விழும்போது வழில இருக்கிறதையும் சேத்து வழிச்சிட்டுப் போயிடும், பின்னாடி வெறும் உலோகம் தெரியும், அங்க உடனே புதுத் துளி பிறக்கும். அதனால ஸ்டீம் பக்கத்து கோயெஃபிஷியன்ட் மட்டும் தனியா பாத்தா அஞ்சு பத்து மடங்கு ஏறும்கிறது லேப்ல பல தடவை அளந்த விஷயம்.

ஆனா சூடு ஸ்டீம் பக்கத்தை மட்டுமா தாண்டுது? உங்க மாதிரி கண்டென்சருக்கு ஒரு மாதிரிக் கணக்கு போடறேன், தடையை எல்லாம் புள்ளில சொல்றேன். ஸ்டீம் பக்கத் தண்ணிப் படலம் 10, டியூப் உலோகம் 3, உள்ள படிஞ்ச அழுக்கு 10, கூலிங் வாட்டர் பக்கம் 17, மொத்தம் 40. துளியா மாத்துனா அந்த 10 மட்டும் 1 ஆகும், மொத்தம் 31. பத்து மடங்குன்னு சொன்னது கடைசில கால்வாசி லாபமா சுருங்கிடுச்சு பாருங்க. இன்னொண்ணு, டெஃப்லானே சூடு கடத்தாத பொருள், வெறும் 20 மைக்ரான் கனத்துக்குப் போட்டாலே அதுவே 8 புள்ளி தடை, அப்ப மொத்தம் 39. நாப்பதுக்கும் முப்பத்தொம்பதுக்கும் நடுவுலதான் அந்தக் கொட்டேஷன் நிக்குது. இதைவிட ரொம்ப மெல்லிசா போட்டா தடை குறையும், ஆனா அது ஸ்டீம்ல எத்தனை மாசம் உரியாம நிக்கும்கிறதுதான் இந்தத் துறைல இன்னிக்கும் தீராத தலைவலி.

இப்ப காத்துக்கு வருவோம். வீட்ல குக்கர் வைக்கும்போது ஆவி நல்லா வந்தப்புறம் வெயிட் போடுன்னு சொல்லுவாங்கல்ல, உள்ள இருக்கிற காத்து வெளிய போகணும்னுதான். கண்டென்சர்ல என்ன ஆகுதுன்னா ஸ்டீம் குளிர்ந்த டியூபை நோக்கி ஓடும்போது கூட இருக்கிற காத்தையும் இழுத்துட்டு வருது, ஸ்டீம் தண்ணியா மாறி இறங்கிடுது, காத்து மாற முடியாது, அங்கயே டியூபைச் சுத்தி போர்வை மாதிரி சேந்து நிக்குது. ஷெல்லுக்குள்ள மொத்தமா காத்து கொஞ்சமா இருந்தாலும் டியூப் ஓரத்துல பல மடங்கு சேந்துடும். அடுத்து வர்ற ஸ்டீம் அந்தப் போர்வைக்குள்ள ஊர்ந்துதான் வரணும், ஓரத்துல ஸ்டீமோட பங்கு அழுத்தம் குறைஞ்சிடறதால அது கண்டென்ஸ் ஆகற டெம்பரேச்சரும் குறைஞ்சிடுது. 1929-லயே ஆத்மர்ங்கிறவர் அளந்து பாத்தாரு, ஸ்டீம்ல கன அளவுல அரை சதவீதம் காத்து கலந்தாலே கோயெஃபிஷியன்ட் ஏறக்குறைய பாதியாயிடுச்சு. அது அசையாம நிக்கிற ஸ்டீம், உங்க கண்டென்சர்ல ஸ்டீம் வேகமா ஓடறதால மேல் வரிசைல இவ்ளோ மோசமா இருக்காது, கீழயும் மூலைலயும்தான் காத்து தேங்கும்.

இந்தப் போர்வை டியூபுக்கு வெளிய, ஸ்டீம் பக்கத்துல நிக்குது, அதுதான் முக்கியம், டியூப் உள்ள கிளீன் பண்ணியும் வாக்குவம் ஏறாதது அதனாலதான்னு படுது. அது சராசரியா 25 புள்ளி தடைன்னு வைங்க, மொத்தம் 65 ஆச்சு. இப்ப டெஃப்லான் போட்டா 64.

65 புள்ளிங்கறது உங்க ரீடிங்கோட எப்படிப் பொருந்துதுன்னு பாருங்க. தண்ணி 30 டிகிரில உள்ள போய் 38-ல வெளிய வருதுன்னு வைங்க. 40 புள்ளி தடைக்கு ஸ்டீம் 44.5 டிகிரி இருந்தா போதும், அதோட அழுத்தம் 70 எம்எம். அதே லோடுக்கு 65 புள்ளின்னா 50.5 டிகிரி வேணும், அழுத்தம் 95 எம்எம். நம்ம ஊர்ல வெளிக்காத்து அழுத்தம் 756 எம்எம்னு எடுத்தா வாக்குவம் 686-லேருந்து 661-க்கு வருது.

நான் சொல்றதை நம்பாதீங்க, நீங்களே செக் பண்ணுங்க. பாரோமீட்டர் ரீடிங்லேருந்து வாக்குவத்தைக் கழிங்க, 756-ல 660 போனா 96 எம்எம், ஸ்டீம் டேபிள்ல அதுக்கு 50.7 டிகிரி. இப்ப ஷெல்லோட கீழ்ப்பகுதில ஸ்டீம் டெம்பரேச்சர் எடுங்க. 50 பக்கம் இருந்தா காத்து இல்ல, என் கணிப்பு தப்பு, தண்ணி ஃப்ளோவையும் அழுக்கையும் மறுபடி பாருங்க. 46 இருந்தா அந்த இடத்துல ஸ்டீமோட பங்கு 76 எம்எம்-தான், மிச்ச 20 எம்எம் காத்து, அதாவது அஞ்சுல ஒரு பங்கு. காத்து உறிஞ்சற லைன் வாய்ல மட்டும் எடுக்காதீங்க, அங்க எப்பவுமே குளிராத்தான் இருக்கும். தெர்மாமீட்டர் ஒரு டிகிரி தப்பா இருந்தாலே 4 எம்எம் கணக்கு மாறிடும், அதனால முதல்ல அதை சரிபார்த்துக்கங்க.

காத்துன்னு தெரிஞ்சா அடுத்த கேள்வி, அதிகமா நுழையுதா இல்ல நுழையறது வெளிய போகலியா. லோடை ஒரே அளவுல வச்சு, இன்சார்ஜ் கிட்ட சொல்லிட்டு, காத்து உறிஞ்சற வால்வை அஞ்சு நிமிஷம் மூடி நிமிஷத்துக்கு எத்தனை எம்எம் வாக்குவம் விழுதுன்னு எழுதுங்க, முதல் நிமிஷத்தை விட்டுடுங்க, லோ வாக்குவம் ட்ரிப் பக்கம் போனா உடனே திறந்துடுங்க. கமிஷனிங் சமயத்து ரெக்கார்டை விட வேகமா விழுந்தா லீக். பழைய வேகத்துலயே விழுந்தா லீக் இல்ல, உங்க எஜெக்டரோ வாக்குவம் பம்போ சோர்ந்துடுச்சு.

லீக்னா வாக்குவத்துல இருக்கிற இடம் எல்லாம் சந்தேகம்தான், டர்பைன் கிளாண்ட், எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட், வால்வு பேக்கிங், கண்டென்சேட் பம்ப் கிளாண்ட். எண்ணூர் பக்கம் நான் இருந்த ஒரு பிளான்ட்ல மூணு வாரம் ஃபிளாஞ்சு ஃபிளாஞ்சா தேடினோம், கடைசில ஹாட்வெல் கேஜ் கிளாஸோட மேல் பேக்கிங் காஞ்சு போயிருந்துச்சு, ஷேவிங் ஃபோம் தடவுனதும் உள்ள இழுத்துக்கிச்சு, அதை மாத்துன அன்னிக்கே 18 எம்எம் ஏறுச்சு. சோப்புத் தண்ணி முட்டைக்காகக் காத்திருக்காதீங்க, வாக்குவத்துல அது உள்ளதான் போகும், ஃபோம்தான் சரி. ஷட்டவுன் கிடைச்சா கண்டென்சரைத் தாங்கற ஸ்பிரிங்குக்கு முட்டு குடுத்துட்டு ஷெல்லுல தண்ணி நிரப்பிப் பாக்கலாம்.

பம்ப்தான் சோர்ந்திருக்குன்னா, உங்களது லிக்விட் ரிங் பம்பா இருந்தா சீல் வாட்டர் டெம்பரேச்சரைத் தொட்டுப் பாக்காம அளந்து பாருங்க. மே மாசம் மணலில டாங்க் தண்ணியே 38 டிகிரிக்குப் போயிடும், அந்தத் தண்ணியோட சொந்த ஆவி அழுத்தமே 50 எம்எம், 70 எம்எம்-ல இருக்கிற கண்டென்சரை அது எப்படி உறிஞ்சும்? சீல் வாட்டர் கூலர்ல அடைப்பு எடுத்துட்டு, 30-க்கு இறக்கி ஒரு ஷிஃப்ட் ஓட்டிட்டு வாக்குவம், ஷெல் கீழ்ப்பகுதி டெம்பரேச்சர்னு அதே ரெண்டு ரீடிங்கை மறுபடி எடுத்து எழுதுங்க.