கடிக்கிற குழந்தையும் நான்கு விடைகளும்

அன்புள்ள அம்மா,

மழலையர் கல்விப் பட்டயப் பயிற்சியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மாதிரித் தேர்வில் இப்படி ஒரு கேள்வி வந்தது: 'மூன்றரை வயதுக் குழந்தை பக்கத்துக் குழந்தையைக் கடித்துவிடுகிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்? (அ) தனியே உட்கார வைப்பேன் (ஆ) மன்னிப்புக் கேட்க வைப்பேன் (இ) அதன் உணர்வைச் சொல்லி, கடிக்கக் கூடாது என்று சுருக்கமாகக் கூறுவேன் (ஈ) பெற்றோரை அழைப்பேன்.' நான் 'ஆ' எழுதினேன், தவறு என்றார்கள். இதற்கு உளவியலாளர் பியாஜேயைச் சொல்லி விளக்கம் எழுதுவதா, உளவியலாளர் எரிக்சனையா? குழந்தை தன்மையப் பருவத்தில் இருப்பதால் மற்றவர் வலி புரியாது என்று எழுதலாமா?

– ஒரு பயிற்சி மாணவி, தஞ்சாவூர்

அன்புள்ள மாணவிக்கு,

விடை 'இ'. சிந்தனையைப் பற்றிக் கேட்டால் பியாஜே, விருப்பம், தயக்கம், குற்ற உணர்வு பற்றிக் கேட்டால் எரிக்சன். தேர்வுக்கு இது போதும். 'ஆ' ஏன் தவறு என்று உங்களுக்கே தெரியும். அழுதுகொண்டிருக்கும் மூன்றரை வயதுக் குழந்தையின் தலையைப் பிடித்து அமுக்கி 'சாரி சொல்லு' என்றால் அது சொல்லிவிடும். அடுத்த நாளும் கடித்துவிட்டுச் சொல்லும்.

ஆனால் அந்தக் கடைசி வரியை மட்டும் தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். பியாஜே சொன்ன தன்மையம் சுயநலமோ இரக்கமின்மையோ அல்ல. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு மேசை வேறு மாதிரித் தெரியும் என்பது அந்த வயதில் பிடிபடுவதில்லை என்றுதான் அவர் சொன்னார். பக்கத்தில் ஒரு பிள்ளை அழுதால் தன் பொம்மையைக் கொண்டுபோய்க் கொடுக்கும் மூன்று வயதுக் குழந்தையை நீங்கள் பார்த்ததே இல்லையா? பயிற்சி ஏடுகளில் இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு குழந்தைகளின் தலையில் எத்தனை பழியைத்தான் சுமத்துவார்களோ!

பருவம் என்பது முழுக்கக் குழந்தைக்குள்ளே இருக்கிறது என்று நினைப்பதுதான் கோளாறு. 1974-இல் மெக்காரிகிள், டொனால்ட்சன் என்ற இருவர் பியாஜேயின் சோதனை ஒன்றைச் சற்று மாற்றிச் செய்து பார்த்தார்கள். இரண்டு வரிசையில் சம எண்ணிக்கையில் வில்லைகள். பெரியவர் ஒரு வரிசையை இடைவெளி விட்டுப் பரப்பி வைத்து 'இப்போது எதில் அதிகம்?' என்று கேட்டால் பெரும்பாலான குழந்தைகள் தவறாகச் சொல்கிறார்கள். அதே வரிசையை ஒரு குறும்புக்காரக் கரடி பொம்மை ஓடிவந்து கலைத்ததாகக் காட்டியபோது மிகப் பலர் சரியாகச் சொன்னார்கள். வயதும் வில்லைகளும் மாறவில்லை. கலைத்தவர் யார் என்பது மட்டும் மாறியது. உங்கள் கேள்வித்தாளில் இருக்கும் குழந்தையைப் பற்றியும் இதையேதான் கேட்கிறேன். அது எங்கே நின்றுகொண்டிருந்தது? அப்போது மணி என்ன? அதற்குச் சற்று முன்பு என்ன நடந்தது? நான்கு விடைகளும் கடித்த பிறகு தொடங்குகின்றன. வகுப்பு மேலாண்மை என்று பெயர் வைத்துவிட்டு, கடிப்பதற்கு முந்தைய கால் மணி நேரத்தைக் கேள்வியிலிருந்தே வெட்டி எறிந்துவிட்டார்கள்.

பயிற்சி மாணவிகளை மேற்பார்வையிடப் போன ஒரு பள்ளியின் எல்.கே.ஜி. வகுப்பில் இப்படி ஒரு பையன் இருந்தான். மாணவியின் ஏட்டில் 'ஆக்ரோஷமான குழந்தை, வாரத்தில் பல முறை கடிக்கிறான்' என்று இருந்தது. அதற்கு மேல் ஒரு வரி இல்லை. அந்தப் பள்ளி ஆயா அம்மாள்தான் கை கழுவும் குழாயைக் காட்டி, 'இவன் இங்கே நிற்கும்போதுதான் கடிக்கிறான், வேறு எங்கேயும் இல்லை' என்றார்.

போய்ப் பார்த்தேன். இருபத்துநான்கு பிள்ளைகள், ஒரே குழாய். சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க ஒரு பிள்ளைக்கு நாற்பது விநாடி என்று வைத்தாலும் கடைசிப் பிள்ளைக்கு முறை வரப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஆகிவிடும். வரிசை உயரப்படி. இவன் வயதில் இளையவன், ஆனால் வகுப்பிலேயே நெடியவன். ஆகவே தினமும் கடைசி. பசி வேறு, முன்னால் சோற்று வாசனை வேறு. உயரத்தைப் பார்த்து எல்லோரும் அவனிடம் ஐந்து வயதுப் பொறுமையை எதிர்பார்த்தார்கள். முதலில் சட்டைக் காலரை வாயில் வைத்து மென்றான். பிறகு முன்னால் நின்ற பெண்ணின் முதுகில் மெல்லச் சாய்ந்தான். அவள் திரும்பி ஒரு தள்ளுத் தள்ளினாள். அதற்குப் பிறகுதான் கடி. ஏட்டில் ஏறியது இந்தக் கடைசி விநாடி மட்டும்.

எழுதுவதாக இருந்தால் பக்கத்தில் நெடுக்காகக் கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரித்து எழுதுங்கள்: முன்னால் நடந்தது, குழந்தை செய்தது, பின்னால் நடந்தது. ஓரத்தில் மணியைக் குறியுங்கள். இரண்டு வாரம் எழுதினால் கடிகள் ஒரே நேரத்தில் குவிகின்றனவா, நாள் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றனவா என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

அங்கே செய்தது மிகச் சிறிய காரியம். வரிசையையே எடுத்துவிட்டோம். எல்லோரும் பாயில் உட்கார்ந்து கைவிரல் பாட்டுப் பாடிக்கொண்டிருக்க, நான்கு நான்கு பேராக எழுந்து போவார்கள். குழாய்க்குப் பக்கத்தில் ஒரு வாளியும் குவளையும் வைத்து ஆயா அம்மாள் தண்ணீர் ஊற்றினார். எந்த நால்வர் முதலில் என்பது தினமும் மாறியது. சாப்பாட்டு நேரக் கடி நின்றுபோனது. அவன் அடியோடு மாறிவிட்டான் என்று கதை அளக்க மாட்டேன். ஒரு மழை நாளில், அழைத்துப்போக ஆள் வரத் தாமதமானபோது, வாசலில் இன்னொரு பையனின் தோளைப் பதம் பார்த்தான். அங்கேயும் அவன் காத்துக்கொண்டுதான் இருந்தான். காலரை மெல்லத் தொடங்கியதும் கையைப் பிடித்து ஒரு வேலை கொடுக்க வேண்டும், தட்டு எடுத்து வைக்கச் சொன்னாலும் போதும் என்பதை அந்த மாணவி அதற்குள் கற்றுக்கொண்டிருந்தாள்.

கடி நடந்துவிட்டால் முதலில் கடிபட்ட குழந்தையிடம் போங்கள். கடித்தவனைச் சுற்றிக் கூட்டம் கூட்டாதீர்கள், அதுவே அவனுக்குக் கிடைக்கும் பரிசாகிவிடும். கடிபட்ட இடத்தைச் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள். தோல் கிழிந்திருந்தால் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். பிறகு கடித்தவனிடம் குனிந்து, 'நிற்க முடியவில்லை, கோபம் வந்தது. கடித்தால் வலிக்கும். கடிக்கக் கூடாது' என்று சொல்லுங்கள். அவ்வளவுதான், சொற்பொழிவு வேண்டாம். இரண்டு வீட்டுக்கும் அன்றே தெரிவியுங்கள். ஆனால் கடித்தது யார் என்று கடிபட்ட குழந்தையின் வீட்டில் சொல்லாதீர்கள். சொன்னால் மறுநாள் பள்ளி வாசலில் பஞ்சாயத்து நடக்கும். பெரியவர்கள் திருப்பிக் கடித்துக் காட்டும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் உண்டு. அதைச் செய்து 'பலன்' கண்டதாக யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்துவிடுங்கள்.

கடிகள் எந்த நேரத்திலும் குவியாமல், வீட்டிலும் பள்ளியிலும் எல்லா வேளையிலும் நடந்தால் குழாயைக் குறை சொல்லிப் பயனில்லை. மூன்றரை வயதில் சிறு வாக்கியம்கூட வராத குழந்தையா, முதுகுக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாத குழந்தையா என்று பாருங்கள். அப்படியானால் செவித்திறனையும் பேச்சு வளர்ச்சியையும் சோதிக்க வேண்டும். குழந்தைகளைப் பரிசோதிக்கும் அரசுத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே.வில் அங்கன்வாடிகளுக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டினால் மாவட்டத்தில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். போகும்போது அந்த மூன்று பத்தி ஏட்டையும் தாயிடம் கொடுத்து அனுப்புங்கள். எப்போது, எங்கே, யாரிடம் என்று அங்கே கேட்பார்கள். பதற்றத்தில் இருக்கும் தாய்க்கு அது நினைவிருக்காது.