சனிக்கிழமை வேலையும் 36 சதவீத வரியும்

"அண்ணா, திருச்சியிலிருந்து கொழும்புக்கு வேலைக்கு வந்திருக்கிறேன். சம்பளம் மாதம் நாலு லட்சம் (இலங்கை ரூபாய்). சனிக்கிழமையும் வந்தால் ஒரு நாளைக்கு 15,000 தருகிறார்களாம். வரி போக லாபம் உண்டா?"

தம்பி, சம்பளச் சீட்டில் ஏபிஐடி, அதாவது மாதாமாதம் சம்பளத்திலேயே பிடிக்கும் வருமான வரியைப் பாருங்கள். 50,000 பிடித்திருப்பார்கள். மாதம் ஒன்றரை லட்சம் வரை வரி இல்லை. அதற்கு மேல் 6, 18, 24, 30 என்று படிப்படியாக ஏறி, 3,58,333 ரூபாயைத் தாண்டியதும் 36 சதவீதம். மொத்தச் சம்பளத்தில் போவது எட்டில் ஒரு பங்குதான். ஆனால் சனிக்கிழமைப் பணம் முழுக்க அந்த மேல்படியில்தான் விழும். 15,000-இல் 5,400 போய், 9,600 கைக்கு வரும்.

இதில் வரி உங்களை இரண்டு பக்கமும் இழுக்கிறது. மாதம் 50,000 குறைந்ததால் கை கடிக்கிறது, கூடுதலாக உழைக்கத் தோன்றும். இது வருமான விளைவு. அதே வரி சனிக்கிழமையின் கூலியை 9,600 ஆக்கிவிட்டதால், வீட்டில் இருப்பதற்கு நாம் கொடுக்கும் விலையும் 15,000-இலிருந்து இறங்கிவிட்டது. இருந்துவிடலாமே என்று தோன்றும். இது பதிலீட்டு விளைவு. எது ஜெயிக்கும் என்பது ஆளைப் பொறுத்தது.

ஊரில் வீட்டுக்கடனுக்கு மாதம் 28,000 கூடுதலாகத் தேவைப்படுகிறது என்று வையுங்கள். வரி இல்லாவிட்டால் இரண்டு சனிக்கிழமை போதும். இப்போது மூன்று வேண்டும். வரி உங்களை அதிகம் உழைக்க வைக்கிறது. எனக்குக் கடன் இல்லை. 9,600-க்காக வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் பஸ் ஏற மனம் வராது. ஒரே சம்பளம், ஒரே வரி, ஆனால் நடப்பது நேர் எதிர்.

2025 ஏப்ரலில் வரி குறைந்தபோது நடந்ததுதான் இன்னும் சுவாரசியம். அதற்கு முன் ஒரு லட்சத்துக்கு மேலேயே வரி தொடங்கிவிடும், படிகளும் வேறு. நாலு லட்சத்துக்கு 70,500 போனது. இப்போது 20,500 மிச்சம். ஆனால் மேல்படி அன்றும் 36, இன்றும் 36. சனிக்கிழமையின் விலை ஒரு ரூபாய்கூட மாறவில்லை. பை மட்டும் கனத்தது. அதாவது நம் சம்பளக்காரருக்கு அது வெறும் வருமான விளைவு. வரிக்குறைப்பால் இவர்கள் கூடுதலாக உழைப்பார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், ஒரு சனிக்கிழமையை விடத்தான் தோன்றும். மாதம் 1,45,000 வாங்குபவர் கதை வேறு: அவர் கூடுதலாகச் சம்பாதிக்கும் ரூபாய்க்கு முன்பு 12 சதவீதம் போனது, இப்போது ஒன்றரை லட்சம் வரை ஒன்றுமே போகாது. அவருக்குக் கூடுதல் வேலை நிஜமாகவே இனிக்கும்.

சரி, இன்னொன்று. இந்தக் கணக்கெல்லாம் வரி ஆண்டில் தொடங்கும் அல்லது முடியும் ஏதாவது பன்னிரண்டு மாதத்தில் மொத்தம் 183 நாளாவது இங்கே இருப்பவருக்கு. நடுவில் வந்து சேர்ந்திருந்தால் முதல் வருடம் எப்படிப் பிடிக்கிறார்கள் என்று சம்பளப் பிரிவில் கேட்டுவிட்டு சனிக்கிழமைக்குத் தலையாட்டுங்கள்.