வேலிக்கு ஓணான் சாட்சி: கப்பலேறும் முன் சரக்கைச் சோதிப்பது பற்றிய கேள்வி-பதில்

தொழிற்சாலையின் தரப் பிரிவே சரக்கைச் சோதித்து அறிக்கை தருமாம், அதுவும் இலவசமாம். பிறகு வெளியாளுக்கு எதற்குக் காசு? — ஏறாவூர்

தலைப்பைப் படியுங்கள்.

சீனாவில் 1,000 சார்ஜ் ஃபேனுக்கு ஓடர் கொடுத்து 30 வீதம் கட்டிவிட்டேன். மிச்சம் கப்பலில் ஏற்ற முன் கட்ட வேண்டும். பரிசோதனை நிறுவனம் ஒன்றுக்கு எழுதினால் எந்த நியமம், எந்த மட்டம், என்னென்ன குறைகள் என்று திருப்பிக் கேட்கிறார்கள். ஓடரில் நான் ‘நல்ல தரம்’ என்றுதான் எழுதியிருக்கிறேன். கட்டணத்தை யார் கொடுப்பது? — காத்தான்குடி

‘நல்ல தரம்’! தம்பி, இந்த இரண்டு சொல்லும் என் எதிரிகள். கொத்துரொட்டி வாங்கப் போனால்கூட முட்டை எத்தனை, காரம் எவ்வளவு என்று சொல்லுகிற நாம், இலட்சக்கணக்கில் காசு அனுப்பும்போது மட்டும் ‘நல்ல தரம்’ என்று எழுதிவிட்டுப் படுத்துவிடுகிறோம். உங்களுக்கு நல்லது எது, தொழிற்சாலைக்காரனுக்கு நல்லது எது? பரிசோதகர் எதை வைத்து ‘தவறு’ என்று எழுதுவார்?

நல்லவேளை, 70 வீதம் இன்னும் உங்கள் கையில் இருக்கிறது. இன்றைக்கே ஓடருக்கு ஓர் இணைப்பு எழுதி அனுப்புங்கள். தொழிற்சாலை அதில் முத்திரை குத்தி, கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். வட்ஸ்அப்பில் வருகிற ‘ஓகே’யை நம்பி இருக்க வேண்டாம்.

முதலில் பொருளை எழுதுங்கள். 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். பிளக் நம் வீட்டுச் சுவரில் ஏறுகிற 13 ஆம்பியர் மூன்று சதுர முள், பி.எஸ். 1363. பற்றரியின் கொள்ளளவு எவ்வளவு, முழு சார்ஜில் நடு வேகத்தில் எத்தனை மணி நேரம் ஓட வேண்டும் என்பதையும் எண்ணிலே எழுதுங்கள். நீங்கள் ஒப்புக்கொண்ட மாதிரி ஃபேன் ஒன்றில் கையெழுத்துப் போட்டு, முத்திரையிட்டுப் பரிசோதனை நிறுவனத்துக்கு அனுப்புங்கள். அதே போல இன்னொன்று உங்களிடம் இருக்கட்டும். மின்விசிறிப் பாதுகாப்புக்கு ஐ.ஈ.சி. 60335-2-80 என்ற நியமம் இருக்கிறது. ஆனால் தொழிற்சாலைக்குப் போகிற பரிசோதகர் ஒரு நாளில் அதைச் சோதித்து முடிக்க முடியாது. அது ஆய்வுகூட வேலை. அந்த அறிக்கையைத் தொழிற்சாலையிடம் தனியாகக் கேளுங்கள். அறிக்கையில் இருக்கிற மொடல் இலக்கமும் பெட்டியில் இருக்கிற இலக்கமும் ஒன்றுதானா என்று பார்க்கும் வேலையைப் பரிசோதகருக்குக் கொடுங்கள்.

அடுத்தது எத்தனை ஃபேனைப் பார்ப்பது என்பது. உலகம் முழுக்கப் புழங்குவது ஐ.எஸ்.ஓ. 2859-1 அட்டவணை. அதில் பொது மட்டம் 1, 2, 3 என்று மூன்று உண்டு. ஒன்றும் சொல்லாவிட்டால் 2 என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், உங்களுக்கும் அதுவே போதும். 501 முதல் 1,200 வரையான தொகுதிக்கு மட்டம் 2 கேட்பது 80 ஃபேன். குறைகளை மூன்றாகப் பிரியுங்கள். கம்பி வெளியே தெரிவது, பற்றரி வீங்கியிருப்பது, வலைக்குள்ளே குழந்தையின் விரல் போவது எல்லாம் கடுமையான குறை. அதில் ஒன்று கண்டாலும் முழுத் தொகுதியும் விழும். ஓடாதது, வேக சுவிட்ச் வேலை செய்யாதது, பிளக் மாறியது பெரிய குறை; அதற்கு ஏ.கியூ.எல்., அதாவது ஏற்கத்தக்க தர எல்லை, 2.5. கீறல், கோணலாக ஒட்டிய ஸ்டிக்கர் சிறிய குறை, அதற்கு 4.0. இந்தக் கணக்கில் 80 ஃபேனில் பெரிய குறை 5 வரை தொகுதி தேறும், 6 வந்தால் விழும். சிறிய குறை 7 வரை தேறும், 8 வந்தால் விழும்.

ஏ.கியூ.எல். 2.5 என்றால் 100க்கு 2.5க்கு மேல் பழுது வரவே வராது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 100க்கு 10 பழுதான தொகுதிகூட இந்தச் சோதனையில் ஐந்தாறு தடவைக்கு ஒரு தடவை தேறிவிடும். 80ஐப் பார்த்து 1,000க்குத் தீர்ப்புச் சொன்னால் அவ்வளவுதான் நிச்சயம். அதனால் ‘பரிசோதனையில் தேறினாலும், பிறகு தெரியவரும் பழுதுக்குத் தொழிற்சாலையின் பொறுப்பு நீங்காது’ என்று ஒரு வரி கட்டாயம் சேருங்கள்.

பற்றரி ஓட்டத்தை 80 ஃபேனிலும் பார்க்க முடியாது. அந்தச் சோதனைக்கு மட்டும் அதே அட்டவணையில் இருக்கிற சிறப்பு மட்டம் எஸ்-2 என்று எழுதுங்கள். 5 ஃபேன் வரும். முழுதாகச் சார்ஜ் ஏற்றி, முழுதாக ஓடவிட ஒரு பகல் போதாது. இரண்டாம் நாளுக்குக் காசு கட்டுங்கள். இல்லாவிட்டால் பரிசோதகரே இரண்டு ஃபேனைத் தெரிந்தெடுத்து, முத்திரையிட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பட்டும். ‘நாங்கள் நேற்றே சார்ஜ் ஏற்றி வைத்திருக்கிறோம், இந்த அஞ்சையும் பாருங்கோ’ என்று தொழிற்சாலை நீட்டினால் அதைத் தொடக்கூடாது.

பெட்டியையும் பரிசோதகர்தான் தெரிய வேண்டும். ஒரு பெட்டியில் 4 ஃபேன் என்றால் உங்களுக்கு 250 பெட்டி. 80 ஃபேன் எடுக்க 20 பெட்டி உடைத்தால் கணக்குச் சரி, ஆனால் 40 பெட்டி உடைத்து இரண்டிரண்டாக எடுத்தால் நல்லது. அடியிலிருந்தும் நடுவிலிருந்தும் இழுத்தெடுத்து, பெட்டி இலக்கங்களை அறிக்கையில் போடச் சொல்லுங்கள். அவர் போகிற அன்றைக்கு உற்பத்தி முழுதாக முடிந்து, குறைந்தது 80 வீதம் பெட்டி கட்டியிருக்க வேண்டும். பாதி ஃபேன் மேசையில் கிடந்தால் அவர் பார்ப்பது உங்கள் சரக்கே இல்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால் நான் பட்டவன். கடை வைத்திருந்த காலத்தில் 400 எமர்ஜென்சி லைட் எடுத்தேன். செலவைக் குறைக்கிறேன் என்று மட்டம் 1 கேட்டேன். 20 லைட்தான் பார்த்தார்கள். அதுவும் வாசலோரம் அடுக்கியிருந்த பெட்டிகளிலிருந்து. ஒன்று பழுது. மட்டம் 1இல் 20க்கு 1 என்றால் தேறிய கணக்கு. கல்லடியில் விற்ற முதல் 50இல் 9 திரும்பி வந்தது. மிச்சம் இன்னும் பரணில் கிடக்கிறது, வீட்டில் அதைப் பற்றிப் பேசக்கூடாது என்று சட்டம். பிறகுதான் தெரிந்தது, கட்டணம் ஆள்-நாள் கணக்கு. 20 பார்த்தாலும் 50 பார்த்தாலும் அதே ஒரு நாள் காசுதான். நான் மிச்சம் பிடித்தது ஒரு சதமும் இல்லை.

இனிக் கட்டணம். சீனாவில் ஓர் ஆள்-நாளுக்குச் சுமாராக 200 முதல் 300 டொலர், தூரமென்றால் பயணச் செலவு தனி. முதல் தடவைக் காசை நீங்களே பரிசோதனை நிறுவனத்துக்குக் கட்டுங்கள். யார் காசு கட்டுகிறாரோ அவர்தான் வாடிக்கையாளர், அறிக்கையும் முதலில் அவருக்குத்தான் போகும். தொழிற்சாலை ‘நாங்களே கட்டுறோம்’ என்று அன்பு காட்டினால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். ஆனால் இரண்டு இடத்தில் செலவு அவர்கள் தலையில்: சரக்கு விழுந்து மறுபடி சோதிக்க நேர்ந்தால், அல்லது சொன்ன திகதியில் சரக்குத் தயாரில்லாமல் பரிசோதகர் வெறுங்கையோடு திரும்பினால். அந்த வீண் நாளுக்கும் நிறுவனம் உங்களிடம்தான் காசு கேட்கும். அதனால் நீங்கள் கட்டி, தொழிற்சாலைக்குப் போகிற 70 வீதத்தில் கழிப்பதாக எழுதுங்கள். கழிக்கும் உரிமை எழுத்தில் இல்லாவிட்டால் மெயிலிலே சண்டை பிடித்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

மிச்சக் காசை அறிக்கை வந்து, நீங்கள் படித்து, ‘ஏற்றலாம்’ என்று எழுத்தில் சொன்ன பிறகுதான் அனுப்புவது. பரிசோதகர் ‘தேறியது’ என்று போடுவது அவர் கண்டதைச் சொல்வது மட்டும், முடிவு உங்களுடையது.

முழுக் காசும் கட்டி, கொன்டெய்னர் கப்பலில் ஏறிவிட்டது. இப்போது பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யலாமா? — கல்முனை

நீச்சல் தெரிந்த பரிசோதகர் கிடைத்தால் சொல்லுங்கள்.

மூன்று மொடல் தையல் பெட்டி, ஒவ்வொன்றிலும் 400. ஒரே தொகுதியாக 1,200 என்று காட்டினால் செலவு குறையுமா? — செங்கலடி

குறையும். 80 பெட்டியோடு முடித்துவிடுவார்கள், ஒரு மொடலுக்கு 26, 27தான் வரும். ஒரு மொடலில் நிறையப் பழுது இருந்தாலொழிய சரியாகப் பிடிபடாது. தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொரு 400க்கும் 50, மொத்தம் 150. இன்னொரு ஆள்-நாள் போகலாம், போகட்டும்.

கணவர் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய காசில் குழந்தைகள் உடுப்பு இறக்கினேன். விற்பவரே ஒரு பெரிய பரிசோதனை நிறுவனத்தின் அறிக்கையை அனுப்பினார், ‘தேறியது’ என்று இருந்தது, காசு அனுப்பினேன். வந்தது கிழிசலும் கறையும். நிறுவனத்திடம் கேட்டால் அப்படி ஓர் அறிக்கையே தாங்கள் கொடுக்கவில்லையாம். நான்தான் மடத்தனம் செய்தேனா? — களுவாஞ்சிக்குடி

இல்லைத் தங்கச்சி. முத்திரை, கையெழுத்து, படம் எல்லாம் இருந்தால் யாரும் நம்புவார்கள். மடத்தனம் வேறு, ஏமாற்றப்படுவது வேறு. உங்களுக்கு நடந்தது போலி ஆவணம் காட்டிச் செய்த மோசடி. அதைச் செய்தவர்தான் வெட்கப்பட வேண்டும்.

அந்த அறிக்கை போலி என்று நிறுவனம் சொன்னதை எழுத்தில் வாங்குங்கள். உங்கள் கையில் இருக்கிற மிகப் பெரிய சான்று அதுதான். இன்றைக்கே வங்கிக்குப் போய், பணத்தை மீளக் கோரும்படி எழுத்தில் கேளுங்கள். திரும்பி வரும் என்று உறுதி சொல்ல மாட்டேன், ஆனால் நாள் போகப் போக வாய்ப்புக் குறையும். பெட்டிகளைக் கலைக்காமல், இலக்கம் தெரியப் படம் எடுத்து வையுங்கள். பொலிஸில் முறைப்பாடு போடுங்கள். விற்பவர் ஏதாவது இணையச் சந்தை வழியாக வந்தவரென்றால் அங்கேயும் அந்தக் கடிதத்தோடு முறையிடுங்கள்.

மற்ற வாசகர்களுக்கு: விற்பவர் கையால் வருகிற அறிக்கை வெறும் கடதாசி. அறிக்கை இலக்கத்தை, நிறுவனத்தின் சொந்த இணையத்தளத்தில் நீங்களே தேடி எடுத்த முகவரிக்கு அனுப்பிக் கேளுங்கள். அறிக்கையின் அடியில் இருக்கிற தொலைபேசி இலக்கத்துக்கு எடுக்க வேண்டாம். அதையும் அவர்களே அச்சடித்திருப்பார்கள்.

எங்களிடம் 600 கைத்தறிச் சாரம் கேட்கும் வெளிநாட்டு வாங்குநர் மட்டம் 3, ஏ.கியூ.எல். 1.5 என்கிறார், கட்டணமும் எங்கள் தலையிலாம். ஒப்புக்கொள்ளலாமா? — மருதமுனை

இங்கே நீங்கள் தொழிற்சாலை, அதனால் பேச்சுக் கொஞ்சம் திரும்பும். அந்த மட்டத்தில் 600க்கு 125 சாரம் பார்ப்பார்கள், பெரிய குறை 5 வரைதான். கைத்தறிக்கு இது கடினம்தான், ஆனால் உங்களைக் கவிழ்க்கப்போவது இந்த எண் இல்லை. கையால் நெய்த துணியில் இழை கொஞ்சம் தடித்து மெலிவது இயல்பு. மில் துணி பார்த்துப் பழகிய பரிசோதகர் அதையும் குறையென்று எண்ணுவார். எந்த அளவு முடிச்சு, எத்தனை இழை விடுபட்டால் குறை, சாயம் எவ்வளவு மாறலாம் என்பதை ஒப்புக்கொண்ட துணித் துண்டுகளோடு முதலில் எழுதி வாங்குங்கள். அது கையில் இருந்தால் மட்டம் 2, ஏ.கியூ.எல். 2.5க்குக் கேட்பதும் சுகம். முதல் சோதனைக் கட்டணம் வாங்குநருடையது, விழுந்தால் மறுசோதனை எங்களுடையது என்று பதில் போடுங்கள். அவர் மறுத்தால், அந்தக் கட்டணத்தை 600 சாரத்துக்கும் பிரித்து விலையில் ஏற்றிச் சொல்லுங்கள்.