கையைத் தூக்கினால் மேற்சட்டையும் மேலேறுகிறது

"கிளிநொச்சியில் யோகா வகுப்புக்குப் போகிறேன். நீளமான சல்வார் மேற்சட்டைதான் போடுகிறேன். ஆனாலும் கையைத் தூக்கினால் இடுப்பு தெரிகிறது, குனிந்தால் முதுகு தெரிகிறது. இன்னும் நீளமாகத் தைக்கவா?"

நீளத்தைக் கூட்ட வேண்டாம். அக்குளில் சாய்சதுரத் துண்டு ஒன்று வைத்துத் தைக்கச் சொல்லுங்கள்; பக்கத்துக்கு நான்கு அங்குலம் போதும்.

கைக்குழி தாழ்வாக வெட்டப்பட்டிருப்பதே காரணமாக இருக்கக்கூடும். அப்படியானால் கை உயரும்போது உடற்பகுதித் துணி முழுவதையும் அது இழுத்துக்கொண்டு போகும். கண்ணாடி முன் நின்று இரு கைகளையும் தூக்கிப் பாருங்கள். அக்குளில் துணி விறைத்து, கீழ்விளிம்பு நான்கு விரலுக்கு மேல் ஏறினால் குறை அங்கேதான். விறைக்காமல் இடுப்பில் மட்டும் சிக்கினால் பக்கவெட்டை இடுப்பெலும்பு வரை உயர்த்தினால் சரியாகிவிடும்.

குனியும்போது சரிவதை எந்தத் தையலும் தடுக்காது. தலை கீழே போனால் துணியும் கீழேதான் வரும். அதற்கு உள்ளே ஒரு நீளப் பருத்திப் பெனியன் அணிந்து, காற்சட்டைக்குள் ஆழமாகச் செருகிவிடுங்கள். மேற்சட்டை சரிந்தாலும் உடல் தெரியாது, மனமும் ஆசனத்தில் நிற்கும். ஊசி குத்துவது மட்டும் வேண்டவே வேண்டாம்; மல்லாந்து படுக்கும்போது முதுகில் ஏறிவிடும்.

வன்னி வெயிலில் இரண்டு அடுக்கு என்றால் இரண்டுமே மெல்லிய பருத்தியாக இருக்கட்டும். பருத்தி வியர்வையை நன்றாக உறிஞ்சும், ஆனால் நனைந்தால் கனத்து உடம்போடு ஒட்டும். வெளிர் நிறமென்றால் உள்ளேயும் தெரியும். அதனால் கடும் நிறமாக எடுங்கள். புதுத் துணியை ஒருமுறை நனைத்துக் காயவைத்த பிறகே தைக்கக் கொடுங்கள். சுருங்கினால் அக்குள் மறுபடியும் இறுகிவிடும்.